ஆக்ஸிமெர்க்குரேஷன் சொதப்பினால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

வினைல்சைக்ளோஹெக்ஸேனிலிருந்து 1-சைக்ளோஹெக்ஸைல்எத்தனால் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப் பிணைப்பில் தண்ணீர் சேர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிடைப்பது பெரும்பாலும் 1-எத்தில்சைக்ளோஹெக்ஸனால்தான். அமிலம் முதலில் இரண்டாம் நிலைக் கார்போகேட்டயானை உருவாக்குகிறது, பக்கத்து வளையக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையோடு இந்தப் பக்கம் தாவுகிறது, நேர்மின் சுமை மூன்றாம் நிலைக் கார்பனுக்குப் போய்விடுகிறது, தண்ணீர் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

இந்தத் தாவலைத் தவிர்க்கத்தான் பாதரச வழி, அதாவது ஆக்ஸிமெர்க்குரேஷன். பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் பிரவுனின் குழு 1967-ல் இதை ஒரே குடுவையில் செய்யும் எளிய முறையாக வெளியிட்டது. பாதரசம் இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பன்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் (மெர்குரினியம் அயனி) நேர்மின் சுமை தனியாக ஒரு கார்பனில் வந்து உட்காருவதே இல்லை, அதனால் ஹைட்ரைடு தாவக் காரணமும் இல்லை. அதிகக் கிளை உள்ள கார்பனில் தண்ணீர் சேரும், மற்றதில் பாதரசம் நிற்கும். பிறகு NaBH4 அந்தப் பாதரசத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைக்கும்.

காகிதத்தில் இரண்டு வரி. குடுவையில் வரும் தொல்லைகள் வேறு, அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் பார்த்த அறிகுறியைத் தேடி நேராக அந்த இடத்துக்குப் போகலாம், ஆனால் ஒழுங்காக நடக்கும்போது எப்படி இருக்கும் என்பது தெரியாமல் எது தவறு என்று சொல்ல முடியாது, அதனால் முதலில் அது.

## ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும்

10 மில்லிமோல் அளவுக்கு: 3.19 கிராம் Hg(OAc)2-ஐ 10 மில்லி தண்ணீரில் கரையுங்கள். 10 மில்லி டி.எச்.எஃப். ஊற்றுங்கள். ஊற்றியதும் மஞ்சளாகக் கலங்கும். பயப்பட வேண்டாம், மெர்க்குரிக் அசிடேட் கொஞ்சம் நீராற்பகுப்படைந்ததால் வரும் நிறம் அது. கலக்கியை நன்றாக ஓடவிட்டு 1.10 கிராம் வினைல்சைக்ளோஹெக்ஸேனைச் சேர்த்தால் சில நிமிடங்களில் மஞ்சள் போய்க் கரைசல் தெளிந்துவிடும். தெளிந்ததும் உடனே அடுத்த படிக்குப் போகாதீர்கள், நிறம் போவது வினை முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நடந்துவிடும், இன்னும் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் கலக்கி ஓடட்டும்.

அப்புறம் 3 மோலார் NaOH 10 மில்லி. அதன் பிறகு, இந்த வரிசையை மாற்றக் கூடாது, 3 மோலார் NaOH-இல் கரைத்த 0.5 மோலார் NaBH4 10 மில்லி, ஐஸ் தொட்டியில் வைத்துச் சொட்டுச் சொட்டாக, வெப்பம் 25 டிகிரியைத் தாண்டாமல். முதல் சொட்டிலேயே சாம்பல் நிறம் வந்துவிடும், போகப்போகக் கறுக்கும், ஒன்றிரண்டு மணி நேரம் கலக்கினால் அந்தக் கறுப்பு எல்லாம் திரண்டு அடியில் பளபளக்கும் பாதரசத் துளியாக உட்காரும். சாதாரண உப்பைப் போட்டு நீர்ப்பகுதியைத் தெவிட்டச் செய்தால் டி.எச்.எஃப். அடுக்கு மேலே பிரியும், ஆல்கஹால் அதில் இருக்கும்.

முழுதும் ஃபியூம் ஹுட்டுக்குள், நைட்ரைல் கையுறையோடு. மெர்க்குரிக் அசிடேட் தோல் வழியாகவும் உள்ளே போகும், தூளாக நிறுக்கும்போது முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நிறுக்காதீர்கள். ஹுட்டுக்குள் அலுமினியத் தாள் விரித்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், சிந்திய பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும். மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்.

## மஞ்சள் நிறம் போகவே இல்லை

அடிக்கடி வரும் புகார் இது. முதலில் கலக்கியைப் பாருங்கள், ஏனென்றால் காரணம் பாதி நேரம் அங்கேதான் இருக்கிறது. ஆல்க்கீன் தண்ணீரில் கரையாது, டி.எச்.எஃப். தான் இரண்டையும் சேர்த்து வைக்கிறது, ஆனால் நீங்கள் டி.எச்.எஃப்.-ஐக் குறைத்திருந்தால், அல்லது நீண்ட சங்கிலி ஆல்க்கீன் எடுத்திருந்தால், மேலே ஒரு எண்ணெய்ப் படலமாக ஆல்க்கீன் மிதந்துகொண்டிருக்கும், கீழே மெர்க்குரிக் அசிடேட் தனியாகச் சும்மா இருக்கும். கலக்குவதை நிறுத்தி இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். மேலே அடுக்கு பிரிந்தால் டி.எச்.எஃப். இன்னும் கொஞ்சம் தேவை.

அடுக்கு பிரியவில்லை, ஒரே கரைசல்தான், ஆனாலும் மஞ்சள் நிற்கிறது என்றால் ஆல்க்கீனின் அமைப்பைப் பாருங்கள். முனையில் இரட்டைப் பிணைப்பு இருப்பவை வேகமானவை, அதிலும் அந்த இரட்டைப் பிணைப்பின் உள்பக்கக் கார்பனில் இரண்டு கிளை இருப்பவை (2-மெத்தில்-1-பென்டீன் மாதிரி) எல்லாவற்றையும் விட வேகம். சங்கிலியின் நடுவில் இருப்பவற்றில் சிஸ் வகை டிரான்ஸ் வகையை விட வேகம். மூன்று கிளை உள்ளவை அதற்கும் பின்னால். நான்கு பக்கமும் கிளை உள்ள ஆல்க்கீனுக்கு இந்தச் செய்முறை கிட்டத்தட்ட நடக்காது, அதோடு மல்லுக்கட்டாதீர்கள். நடுத்தர மந்தமானவைக்கு நேரம் கொடுங்கள், ஒரு மணி, இரண்டு மணி ஆகலாம். அதுவும் போதாவிட்டால் அசிடேட்டுக்குப் பதில் மெர்க்குரிக் டிரைஃபுளோரோஅசிடேட் எடுக்கலாம், அதன் பாதரசம் எலக்ட்ரானுக்கு இன்னும் பசியாக இருக்கும்.

சூடாக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சூட்டில் மெர்க்குரிக் அசிடேட் வேறு வேலையில் இறங்கிவிடும், இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்துக் கார்பனை ஆக்ஸிஜனேற்றம் செய்து அங்கே அசிடேட்டை ஒட்ட வைக்கும். அப்படி நடக்கிறது என்பதற்கு அடையாளம், பளபளப்பான மெல்லிய வெள்ளைச் செதில்கள் குடுவையில் மிதப்பது. அது மெர்க்குரஸ் அசிடேட். NaBH4-ஐத் தொடவே இல்லை, அதற்குள் செதிலோ சாம்பல் தூளோ தெரிந்தால் உங்கள் பாதரசம் ஏற்கெனவே ஒடுங்க ஆரம்பித்துவிட்டது, அந்த அளவுக்கு ஆல்க்கீனும் வேறு எதுவாகவோ மாறிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது சாத்தியம் பாட்டில். மெர்க்குரிக் அசிடேட் வெள்ளையாக, லேசாக வினிகர் வாசனையோடு இருக்க வேண்டும். வெளிச்சத்தில் கிடந்து கிடந்து மஞ்சளாகிப்போனது தண்ணீரில் முழுதாகக் கரையாது. லேசான கலங்கல் என்றால் ஓரிரு சொட்டு அசிட்டிக் அமிலம் அதைத் தெளிய வைக்கும், அடர் மஞ்சள் வண்டல் என்றால் புதுப் பாட்டிலைத் திறங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாமல் வினை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, நான் இதைத் தவறாமல் செய்வேன். சோதனைக்குழாயில் அரை மில்லி NaOH கரைசல் எடுத்து, வினைக்கலவையில் இரண்டு சொட்டு அதில் விடுங்கள். மிச்சமிருக்கும் Hg(II) அயனி காரத்தில் மஞ்சள் HgO-வாக வீழ்படியும். கார்பனோடு பிணைந்துவிட்ட பாதரசம் அப்படி வீழ்படியாது. ஆக, மஞ்சள் விழுந்தால் பாதரசம் இன்னும் ஆல்க்கீனைப் பிடிக்கவில்லை, விழாவிட்டால் முதல் படி முடிந்தது. ஒரு நிமிட வேலை. இந்தச் சோதனையைச் செய்யாமல் NaBH4-ஐ ஊற்றிவிட்டால், பிறகு எந்தப் படியில் தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

## NaBH4 ஊற்றியதும் பொங்கி வழிகிறது

NaOH-ஐ மறந்துவிட்டீர்கள், அல்லது குறைத்துவிட்டீர்கள். ஒவ்வொரு ஆல்க்கீன் மூலக்கூறும் பாதரசத்தோடு சேரும்போது ஒரு அசிட்டிக் அமிலம் வெளியே வருகிறது, 10 மில்லிமோல் வினையில் 10 மில்லிமோல் அமிலம் குடுவையில் நிற்கிறது. அதில் NaBH4 விழுந்தால் பாதரசத்தை ஒடுக்காமல் அமிலத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகப் போய்விடும். உடனே சொட்டுவதை நிறுத்துங்கள், அருகில் தீப்பொறி எதுவும் இல்லை என்று பாருங்கள், ஐஸில் வைத்து NaOH-ஐச் சேர்த்துக் காரமாக்கிவிட்டுத் தொடருங்கள். பொங்கிப் போன ஹைட்ரைடுக்கு ஈடாகக் கொஞ்சம் புது NaBH4 கரைசல் தேவைப்படும்.

## கடைசியில் பார்த்தால் ஆல்க்கீனே திரும்ப வந்திருக்கிறது

இதற்கு இரண்டு விதக் காரணம் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, அதனால் முதலில் எது என்று பிரிக்க வேண்டும். முதல் படி முடியவே இல்லை என்பது ஒன்று. மேலே சொன்ன சோதனையில் மஞ்சள் விழுந்திருந்தால் அதுதான். சோதனை சுத்தமாக இருந்தது, அப்படியும் ஆல்க்கீன் வந்தது என்றால் சேர்ந்தது திரும்பப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் படி மீள்வினை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கார்பனில் OH, பக்கத்துக் கார்பனில் பாதரசம், இப்படி இருக்கும் சேர்மத்தில் அமிலம் பட்டால் OH தண்ணீராகக் கழன்றுகொள்ளும், பாதரசமும் விட்டுவிடும், ஆல்க்கீன் மறுபடி பிறந்துவிடும். குளோரைடு கூடவே இருந்தால் இன்னும் சுலபம், ஏனென்றால் பாதரசத்துக்குக் குளோரைடு மேல் அவ்வளவு பிடிப்பு. அதனால் ஒடுக்கத்துக்கு முன்பு HCl கிட்டேயே வரக் கூடாது. ‘அடுக்கு சீக்கிரம் பிரியட்டும்’ என்று உப்பையும் முன்கூட்டியே போடக் கூடாது. உப்பு போட்டால் பாதரசச் சேர்மம் குளோரைடாக மாறி வெள்ளைத் திண்மமாகவோ கெட்டி எண்ணெயாகவோ படியலாம், படிந்துவிட்டால் NaBH4 அதைச் சரியாக எட்டாது. உப்பு கடைசியில்தான், ஒடுக்கம் முடிந்த பிறகு.

நான் ஒருமுறை முதல் படியை மாலையில் முடித்துவிட்டு NaOH சேர்க்காமல் அப்படியே மூடி வைத்துவிட்டுக் காலையில் வந்து ஒடுக்கினேன், விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. இரவெல்லாம் அந்த அசிட்டிக் அமிலத்தோடு கிடந்ததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்று இல்லை, ஆனால் அடுத்த முறை ஒரே நாளில் முடித்தபோது அந்தத் தொல்லை வரவில்லை, அதிலிருந்து இடையில் நிறுத்துவதில்லை.

## தவறான ஆல்கஹால் வந்திருக்கிறது

இதுதான் எல்லோரையும் கலங்கடிக்கும் அறிகுறி. இடமாற்றம் நடக்காது என்று நம்பித்தானே இந்த நச்சு வழியையே எடுத்தோம், அப்படியிருக்க ஜி.சி.யில் இரண்டு முகடு, என்.எம்.ஆரில் இடமாறிய ஆல்கஹால். எனக்கு வினைல்சைக்ளோஹெக்ஸேனில் சரியாக இதுவே நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், வந்தது என்ன என்று உறுதி செய்ய வேண்டும். நமக்கு வேண்டிய 1-சைக்ளோஹெக்ஸைல்எத்தனாலில் OH இருக்கும் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் உண்டு, புரோட்டான் என்.எம்.ஆரில் அது 3.5 பி.பி.எம். பக்கத்தில் தெரியும், மெத்தில் குழு 1.15 பக்கத்தில் இரட்டைக் கோடாக வரும். இடமாறிய 1-எத்தில்சைக்ளோஹெக்ஸனாலில் அந்த 3.5 இடம் காலி, மெத்தில் 0.9 பக்கத்தில் மும்மைக் கோடு. கார்பன் என்.எம்.ஆரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் OH சுமக்கும் கார்பன் இரண்டிலுமே 71, 72 பக்கத்தில்தான் வருகிறது. டெப்ட் எடுத்தால் ஹைட்ரஜன் இல்லாத கார்பன் மறைந்துவிடும், அப்போது சந்தேகம் தீரும். மூன்றாவதாக 2-சைக்ளோஹெக்ஸைல்எத்தனால் ஒன்று இருக்கிறது, அது 3.65 பக்கத்தில் இரண்டு ஹைட்ரஜனுக்கான மும்மைக் கோடாக வரும். இது எதிர்மார்கோவ்னிகாஃப் பொருள், இந்த வினையில் கண்ணில் படும் அளவுக்கு வராது. வந்தால் குடுவை மாறிவிட்டதா, யாராவது ஹைட்ரோபோரேஷன் செய்த மாதிரியோடு கலந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்பேன்.

என் குடுவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 1-எத்தில்சைக்ளோஹெக்ஸனால். மெர்குரினியம் திறந்துகொண்டு கார்போகேட்டயானாகிவிட்டதோ என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கரைசல் அளவை மாற்றினேன், வெப்பத்தைக் குறைத்தேன், விகிதம் அசையவே இல்லை. அந்த ‘அசையவில்லை’ என்பதே ஒரு துப்பு. இடமாற்றம் குடுவையில் நடந்திருந்தால் வெப்பமும் கரைசலும் மாறும்போது விகிதம் கொஞ்சமாவது ஆடியிருக்க வேண்டும். ஆடாமல் நிற்கிறது என்றால் அது ஆரம்பத்திலேயே உள்ளே வந்திருக்கிறது.

பிறகுதான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன், ஆல்க்கீனுக்கே ஒரு என்.எம்.ஆர். எடுத்தேன். வினைல்சைக்ளோஹெக்ஸேன் 5.8-இல் ஒரு ஹைட்ரஜன், 4.9 பக்கத்தில் இரண்டு ஹைட்ரஜன் காட்ட வேண்டும். அவையும் இருந்தன, கூடவே 5.1-இல் ஒன்று, 5.4-இல் இன்னொன்று. 5.1 எத்திலிடீன்சைக்ளோஹெக்ஸேன், 5.4 1-எத்தில்சைக்ளோஹெக்ஸீன். இந்த ஆல்க்கீன் ஆல்கஹாலை அமிலத்தோடு சூடாக்கித் தண்ணீரை நீக்கிச் செய்யப்பட்டது, அந்தச் சூட்டிலேயே ஹைட்ரைடு தாவிவிட்டது. இப்போது யோசித்துப் பாருங்கள்: இந்த இரண்டு அசுத்தங்களும் பாதரசத்தைச் சந்தித்தால் என்ன ஆகும்? இரண்டிலுமே அதிகக் கிளை உள்ள கார்பன் வளையத்தில் இருப்பதுதான், தண்ணீர் அங்கே சேரும், இரண்டும் ஒழுங்காக, எந்த இடமாற்றமும் இல்லாமல், 1-எத்தில்சைக்ளோஹெக்ஸனாலைத்தான் கொடுக்கும். பாதரசம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. தாவல் நடந்தது எனக்கு முன்னால், அமிலக் குடுவையில்.

தீர்வு இரண்டு. காய்ச்சி வடித்துப் பிரிக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் கொதிநிலைகள் சில டிகிரி வித்தியாசம்தான், சாதாரண காய்ச்சி வடித்தலில் பிரியாது. ஒன்று, ஆல்க்கீனை அமிலம் படாத வழியில் செய்வது. சைக்ளோஹெக்ஸேன்கார்பால்டிஹைடை விட்டிக் வினையில் போட்டால் இரட்டைப் பிணைப்பு முனையிலேயே பிறக்கும், நகராது. இரண்டு, இருக்கும் ஆல்க்கீனையே பயன்படுத்த வேண்டிய கட்டாயம் என்றால் மெர்க்குரிக் அசிடேட்டைக் குறைப்பது. வினைல் வகை வேகம், மூன்று கிளை வகை மந்தம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுவே இங்கே கைகொடுக்கும். மாதிரியில் வினைல் எவ்வளவு இருக்கிறது என்று என்.எம்.ஆரில் கணக்கிட்டு, அதற்குக் கொஞ்சம் குறைவாகப் பாதரசம் போட்டு, மஞ்சள் போனதும் நீட்டிக்காமல் ஒடுக்கிவிட்டால், அசுத்தம் பெரும்பாலும் ஆல்க்கீனாகவே தங்கிவிடும். ஆல்க்கீனையும் ஆல்கஹாலையும் பிரிப்பது சிரமமே இல்லை, சிலிக்கா பத்தியில் ஆல்க்கீன் ஹெக்ஸேனோடு ஓடிவிடும், ஆல்கஹால் பின்தங்கும். நான் செய்தது இதுதான். இடமாறிய ஆல்கஹால் முழுதாக மறையவில்லை, ஆனால் தேவைக்குப் போதுமான சுத்தம் கிடைத்தது.

உண்மையாகவே பாதரச வழியில் அமைப்பு மாறும் இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பைனீன் மாதிரி இறுக்கமான நாற்கார்பன் வளையம் இரட்டைப் பிணைப்புக்கு ஒட்டி இருந்தால், மெர்குரினியத்தில் இருக்கும் பகுதி நேர்மின் சுமையே வளையத்தைத் திறந்துவிடப் போதும், டெர்பினியோல் வகைப் பொருள்கள் வரலாம். இரண்டாவது இடம் ஒடுக்கப் படி. NaBH4 பாதரசத்தின் மேல் ஹைட்ரைடை வைத்ததும் கார்பன்–பாதரசப் பிணைப்பு இரண்டாக உடைந்து கார்பன் ரேடிக்கலாகிறது. சாதாரண ரேடிக்கல் ஹைட்ரைடு தாவலோ மெத்தில் தாவலோ செய்யாது, அதனால்தான் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் ரேடிக்கலுக்கு ஒட்டி சைக்ளோபுரோபேன் வளையம் இருந்தால் அது பட்டென்று திறந்துகொள்ளும், சரியான தூரத்தில் இன்னொரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் வளையம் மூடிக்கொள்ளும். உங்கள் மூலக்கூறில் இவை இருந்தால் இந்த வழி உங்களுக்கானது இல்லை.

ரேடிக்கல் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. NaBD4 போட்டு டியூட்டீரியம் வைப்பவர்கள் OH-உம் பாதரசமும் எதிரெதிர்ப் பக்கம் சேர்ந்தன, அதனால் டியூட்டீரியமும் எதிர்ப்பக்கம் நிற்கும் என்று எதிர்பார்ப்பார்கள். நிற்காது. ரேடிக்கலில் பக்கம் மறந்துவிடும், இரண்டு பக்கமும் கலந்துதான் வரும். அது உங்கள் கைத்தவறு இல்லை.

## ஆல்கஹாலுக்குப் பதில் ஈதரோ அசிடேட்டோ

1735 பக்கத்தில் ஐ.ஆர். பட்டை, என்.எம்.ஆரில் 2.05-இல் ஒற்றைக் கோடு என்றால் அசிடேட். தண்ணீர் குறைவாக இருந்திருக்கிறது, தண்ணீர் சேர வேண்டிய இடத்தில் அசிடேட் சேர்ந்துகொண்டது. பாதிக்குப் பாதி தண்ணீர் வைத்தால் சரியாகிவிடும். 3.3 பக்கத்தில் மூன்று ஹைட்ரஜன் ஒற்றைக் கோடு என்றால் மெத்தில் ஈதர், எங்கேயோ மெத்தனால் உள்ளே வந்திருக்கிறது. ஆல்க்கீன் கரையவில்லை என்று யாராவது மெத்தனால் ஊற்றினார்களா என்று கேளுங்கள்.

மூலக்கூறிலேயே OH இருந்தால் தண்ணீரை முந்திக்கொண்டு அதுவே தாக்கும். 4-பென்டீன்-1-ஆல் எடுத்துவிட்டு டையால் எதிர்பார்த்தால் 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான்தான் கிடைக்கும். ஐந்து அல்லது ஆறு அணு வளையம் மூட வாய்ப்பிருந்தால் OH-ஐ முதலில் மூடி வைத்துவிட்டுத்தான் இந்த வினைக்குப் போக வேண்டும்.

வேண்டாத டையால் கொஞ்சம் வந்திருந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். ஒடுக்கத்தில் வரும் ரேடிக்கலை ஆக்ஸிஜன் பிடித்துக்கொண்டால் பாதரசம் இருந்த இடத்திலும் OH வந்து உட்காரும். நைட்ரஜனுக்கடியில் செய்தால் போய்விடும்.

## சாம்பல் நிறக் கலங்கல், பாதரசம் திரளவே இல்லை

பொறுமைதான் முதல் மருந்து. அரை மணியில் சாம்பல் பாலாக இருப்பது இரண்டு மணியில் துளியாகத் திரள்வதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். கலக்கியின் வேகத்தைக் குறையுங்கள், வேகமாக அடித்தால் துளிகள் மறுபடி உடைந்துகொண்டே இருக்கும். பிறகு உப்பைச் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகும் மேலடுக்கு சாம்பலாக இருந்தால் செலைட் வழியாக வடிகட்டுங்கள். அந்தச் செலைட் இனி பாதரசக் கழிவு, சாதாரணக் குப்பையில் போடக் கூடாது.

திரண்ட பாதரசத்தை நிறுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். நம் அளவுக்கு 10 மில்லிமோல் பாதரசம், அதாவது 2.0 கிராம் வர வேண்டும், கண்ணுக்கு ஒரு சின்னப் பட்டாணி அளவுகூட இருக்காது. 1.4 கிராம்தான் வந்தது, தூளாகவும் எங்கும் ஒட்டவில்லை என்றால் மிச்சம் இன்னும் கார்பனோடு ஒட்டிக்கொண்டு உங்கள் மேலடுக்கில் இருக்கிறது. அந்த நிலையில் கரைப்பானை ஆவியாக்கிச் சூடேற்றிக் காய்ச்சி வடிக்கப் போகாதீர்கள். மேலடுக்கில் கொஞ்சம் எடுத்துப் புது NaBH4 சொட்டுங்கள், மறுபடி கறுத்தால் ஒடுக்கம் முடியவில்லை. முழுதுக்கும் இன்னொரு பங்கு NaBH4 காரக் கரைசல் கொடுத்து முடியுங்கள். NaBH4 பழையதாக, கட்டிதட்டி ஈரம் பட்டதாக இருந்தால் இப்படி ஆகும்.

காய்ச்சி வடிக்கும்போது குளிர்விப்பானில் சாம்பல் படலம் தெரிந்தால் நிறுத்துங்கள், ஆற விடுங்கள், கொஞ்சம் பாதரசம் ஆவியாகி வந்திருக்கிறது. பொருளைச் செலைட்டில் திரும்ப வடிகட்டிவிட்டுத்தான் மேலே தொடர வேண்டும், உபகரணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

துளியாகத் திரண்ட பாதரசத்தை மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீருக்கடியில் வையுங்கள், நீர்ப்பகுதி, செலைட், கையுறை எல்லாம் பாதரசக் கழிவு என்று எழுதிய தனித் தொட்டிக்கு. கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டால் ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்கள் கொடைக்கானலை நினைத்துக்கொள்ளட்டும், அங்கே தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது, மண்ணில் கலந்த பாதரசத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓயவில்லை. தரையில் சிந்திவிட்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், துளி உடைந்து இடுக்கெல்லாம் போய்விடும். சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு மிச்சத்தின் மேல் கந்தகத் தூளைத் தூவி, அதை ஈரத்தாளால் அள்ளிக் கழிவுப் பாட்டிலில் போடுங்கள்.